பயிற்சிக் காட்சியிலிருந்து ஒரு பக்கக் குறிப்பு: நடந்தது, வாதம், முடிவு

குழந்தை உரிமைகள், பள்ளி ஒழுங்கு, பாதுகாப்பு போன்ற தலைப்புகளில் நடக்கும் பணியிடைப் பயிற்சிகளில் நீதிமன்ற வழக்குகள் ஒன்றிரண்டாவது இடம்பெறுகின்றன. கருத்தாளர் ஒரு பி.பி.டி.யைத் திரையிட்டு, அரை மணி நேரத்தில் வழக்கைச் சொல்லி முடிப்பார். பள்ளிக்கு ஒருவராகச் சென்று வந்த ஆசிரியர், மறுநாள் அதைத் தம் பள்ளியில் மற்றவர்களிடம் எடுத்துச் சொல்ல வேண்டும். கோப்பு வாட்ஸ்அப் குழுவிலும் வந்துவிடும். ஆனால் கைப்பேசியில் இருபது ஸ்லைடுகளைத் திறந்து ஒவ்வொன்றாகப் படிப்பவர்கள் மிகச் சிலரே. எனவே சென்று வந்தவர் எழுதும் ஒரு பக்கக் குறிப்பே பெரும்பாலான ஆசிரியர்களுக்கு அந்த வழக்காக நிலைத்துவிடுகிறது.

அந்தக் குறிப்பை எழுதும் முறையை ஒரு வழக்கை வைத்துப் பார்க்கலாம். (நம் அலுவலகங்களில் ‘மெமோ’ என்றாலே விளக்கம் கேட்டு வரும் குறிப்பாணைதான் நினைவுக்கு வரும். ஆகவே இங்கே அதைக் குறிப்பு என்றே அழைப்போம்.) எடுத்துக்கொள்ளும் வழக்கு, பிஜோ இம்மானுவேல் எதிர் கேரள மாநிலம். உச்ச நீதிமன்றம் 11.08.1986 அன்று தீர்ப்பளித்தது. பள்ளிக் காலை வணக்கக் கூட்டத்தில் தோன்றிய வழக்கு என்பதால் இதைப் புரிந்துகொள்ள சட்டப் படிப்பு எதுவும் தேவையில்லை. தவறாகச் சுருக்கினால் என்ன ஆகும் என்பதும் இதில் நன்றாகத் தெரியும். “தேசிய கீதம் பாட வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது” என்று இந்த வழக்கை ஒரே வரியில் சொல்பவர்கள் உண்டு. “எழுந்து நிற்கக்கூடத் தேவையில்லையாம்” என்று அதற்கு மேலும் ஒரு படி போகிறவர்களும் உண்டு. தீர்ப்பு சொன்னது இவை இரண்டும் அல்ல.

ஸ்லைடில் தொலைந்துபோவது எது?

இந்த வழக்கைப் பற்றிய ஒரு பயிற்சிக் காட்சியில் கீழ்க்கண்ட ஏழு ஸ்லைடுகள் இருப்பதாகக் கொள்வோம். இவை இந்தக் கட்டுரைக்காக நாமே அமைத்துக்கொண்டவை. ஆனால் பயிற்சிக் கூடங்களில் பார்த்துப் பழகிய நடையில்தான் இருக்கின்றன.

ஸ்லைடு 1: மாணவர்கள் தேசிய கீதம் பாட மறுப்பு – தேசிய அவமதிப்பு
ஸ்லைடு 2: ஆணைய அறிக்கை – மாணவர்கள் சட்டத்தை மதிப்பவர்கள்
ஸ்லைடு 3: தேசிய கீதத்தில் எவர் மத உணர்வையும் புண்படுத்தும் சொல் இல்லை
ஸ்லைடு 4: தேசிய கீதத்தை மதித்தல் அடிப்படைக் கடமை – பிரிவு 51ஏ
ஸ்லைடு 5: அமெரிக்கா, 1943 – கொடி வணக்கம் கட்டாயமில்லை
ஸ்லைடு 6: பாடாமல் இருக்கும் உரிமை – பிரிவு 19, 25
ஸ்லைடு 7: சகிப்புத்தன்மையே நம் மரபு – மாணவர்களை மீண்டும் சேர்க்க உத்தரவு

ஏழையும் அப்படியே கீழே இறக்கிக் குறிப்பு என்று பெயர் வைத்தால், பள்ளியில் படிப்பவருக்கு எது நடந்தது, எது ஒருவர் சொன்னது, எது நீதிமன்றம் முடிவு செய்தது என்று தெரியாது. தமிழாசிரியர்கள் இதன் காரணத்தை எளிதில் கண்டுகொள்வார்கள். ‘மறுப்பு’, ‘அவமதிப்பு’, ‘மதித்தல்’, ‘உரிமை’ என்று ஸ்லைடுகள் பெயர்ச்சொற்களிலேயே, குறிப்பாகத் தொழிற்பெயர்களிலேயே நிற்கின்றன. எழுவாய் இல்லை, பயனிலையாக ஒரு வினைமுற்றும் இல்லை. ‘அவமதிப்பு’ என்ற சொல்லுக்குப் பின்னால் யார் நிற்கிறார்? அவமதிப்பு நடந்ததா, நடந்ததாக யாரேனும் சொன்னார்களா, நடக்கவில்லை என்று நீதிமன்றம் கூறியதா? மூன்றுக்கும் அந்த ஒரே சொல் இடம் கொடுத்துவிடுகிறது.

ஆகவே முதல் வேலை, சுருக்குவதற்கு முன் விரிப்பது. ஒவ்வொரு ஸ்லைடு வரியையும் எழுவாயும் வினைமுற்றும் உள்ள முழு வாக்கியமாக எழுதிப் பார்க்க வேண்டும். வினைமுற்று எழுதும்போதே அந்த வரி எந்தப் பகுதிக்கு உரியது என்பது புலப்பட்டுவிடும். ‘நின்றனர்’, ‘நீக்கினார்’ என்று முடிந்தால் அது நடந்தது. ‘என்று வாதிட்டனர்’, ‘என்று காட்டினர்’ என்று முடிந்தால் வாதம். ‘எனத் தீர்மானித்தது’, ‘என உத்தரவிட்டது’ என்று முடிந்தால் முடிவு. எழுவாய் கிடைக்காத வரியை அப்படியே விட்டுவிடாமல் கருத்தாளரிடம் கேட்க வேண்டும், அல்லது தீர்ப்பில் தேட வேண்டும். இது பத்துப் பன்னிரண்டு பக்கத்துக்குள் படித்துவிடக்கூடிய, நேரடியான ஆங்கிலத்தில் எழுதப்பட்ட தீர்ப்பு. இணையத்தில் கட்டணமின்றிக் கிடைக்கிறது.

இனி ஒவ்வொரு ஸ்லைடாக விரித்துப் பார்ப்போம்.

நடந்தவை

முதல் ஸ்லைடில் இரண்டு வரிகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. ‘மாணவர்கள் பாடவில்லை’ என்பதை எவரும் மறுக்கவில்லை. அது நடந்தது. ‘அவமதிப்பு’ என்பதோ ஒரு மதிப்பீடு. நடுவில் போட்ட ஒரு சிறு கோடு, வாதத்தைக் கொண்டுபோய் நடந்தவற்றின் வரிசையில் அமர்த்திவிட்டது. அதே நேரத்தில், வழக்கின் தலையெழுத்தைத் தீர்மானித்த ஒரு செய்தி அந்த ஸ்லைடில் இல்லை. தேசிய கீதம் பாடப்பட்டபோதெல்லாம் மாணவர்கள் எழுந்து அமைதியாக, மரியாதையுடன் நின்றார்கள். அவர்களுடைய அக்காக்கள் அதே பள்ளியில் படித்தபோதும் அப்படியே நின்றார்கள். பல ஆண்டுகள் அதை யாரும் குறையாகக் காணவில்லை.

1985 ஜூலையில் சட்டமன்ற உறுப்பினர் ஒருவர் இதைக் கவனித்துச் சட்டமன்றத்தில் கேள்வி எழுப்பினார். விசாரிக்க ஓர் ஆணையம் அமைக்கப்பட்டது. பிறகு பள்ளித் துணை ஆய்வாளரின் அறிவுறுத்தலின்படி, தலைமையாசிரியை 26.07.1985 முதல் மூன்று குழந்தைகளையும் பள்ளியிலிருந்து நீக்கினார். அரசின் முடிவு வரும் வரையாவது பள்ளிக்கு வர அனுமதிக்குமாறு தந்தை கேட்டார். தம்மால் ஒன்றும் செய்ய இயலாது என்று தலைமையாசிரியை தெரிவித்தார். குழந்தைகள் கேரள உயர் நீதிமன்றத்தில் நீதிப்பேராணை மனு தாக்கல் செய்தனர். தனி நீதிபதியும், பின்னர் இரு நீதிபதிகள் அமர்வும் அதைத் தள்ளுபடி செய்தனர். அதன் பிறகே வழக்கு உச்ச நீதிமன்றம் சென்றது.

குழந்தைகள் யெகோவாவின் சாட்சிகள் என்ற கிறித்தவப் பிரிவைச் சேர்ந்தவர்கள் என்பதும் நடந்தவற்றில் வர வேண்டும். அந்தச் செய்தி இல்லாமல் வாதம் புரியாது. ஆனால் அவர்களுடைய ஊர், வகுப்பு, குடும்ப விவரங்கள் குறிப்புக்குத் தேவையில்லை. வழக்கின் பெயரில் இருப்பதற்கு மேல் குழந்தைகளின் அடையாளத்தை விரிப்பதால் படிப்பவருக்கு எந்தப் பயனும் இல்லை.

இரண்டாம் ஸ்லைடு பார்ப்பதற்கு நடந்ததைப் போலவே இருக்கும். தீர்ப்பைத் திறந்து பார்த்தால் ஒரு நுட்பம் தென்படும். ஆணையத்தின் அறிக்கை தங்கள் முன் இல்லை என்று நீதிபதிகள் சொல்கிறார்கள். குழந்தைகள் சட்டத்தை மதிப்பவர்கள், அவமதிப்பு எதையும் காட்டவில்லை என்று அறிக்கை கூறுவதாகத் தங்களிடம் தெரிவிக்கப்பட்டது என்றுதான் பதிவு செய்கிறார்கள். ‘அறிக்கை கூறியது’ என்பதற்கும் ‘அறிக்கை கூறியதாகத் தெரிவிக்கப்பட்டது’ என்பதற்கும் உள்ள இடைவெளி, சுருக்கும்போது முதலில் காணாமல் போவது. தமிழில் ‘-ஆக’ சேர்த்து ‘கூறியதாக’ என்று எழுதினால் போதும், இடம் அதிகம் பிடிக்காது. நல்ல வேளையாக, குழந்தைகள் எப்போதும் மரியாதையுடன் நின்றார்கள் என்பதை எந்தத் தரப்பும் மறுக்கவில்லை. ஆகவே நடந்ததை நிறுவ அந்த அறிக்கையைச் சார்ந்திருக்கத் தேவையும் இருக்கவில்லை.

‘வழக்கின் உண்மைகள்’ என்று தலைப்பிடுவது பலருடைய வழக்கம். நான் அதைத் தவிர்ப்பேன். உண்மை என்றால் பொய்க்கு எதிரானது என்றும் பொருள் வருவதால், அந்தத் தலைப்பின் கீழ் வருவதெல்லாம் மெய், வாதத்தின் கீழ் வருவது அதைவிடச் சற்றுக் குறைந்தது என்ற எண்ணம் படிப்பவருக்கு ஏற்படும். ‘நடந்தவை’ என்றால் குழப்பமில்லை.

எழுவினா

மூன்று தலைப்புகளுக்குள் வைக்க முடியாத ஒன்று இருக்கிறது. நீதிமன்றம் எந்தக் கேள்விக்கு விடை தேடியது என்பதே அது. நீதிமன்றத் தமிழில் இதை எழுவினா என்பார்கள். பயிற்சிக் காட்சிகளில் இதற்கென ஸ்லைடு இருப்பது அரிது. ஆனால் இந்த வழக்கின் முடிச்சே இதில்தான் இருக்கிறது.

மூன்றாம் ஸ்லைடை விரித்தால், ‘தேசிய கீதத்தின் ஒவ்வொரு சொல்லையும் கருத்தையும் ஆராய்ந்த உயர் நீதிமன்றம், எவருடைய மத உணர்வையும் புண்படுத்துவது எதுவும் அதில் இல்லை எனத் தீர்மானித்தது’ என்று வரும். ஸ்லைடில் எழுவாய் இல்லாததால், இதை உச்ச நீதிமன்றத்தின் முடிவு என்று எடுத்துக்கொள்ளும் வாய்ப்பு அதிகம். உச்ச நீதிமன்றம் இதைப் பொய் என்று சொல்லவில்லை. உயர் நீதிமன்றம் வேறு பாதையில் போய்விட்டது, கேள்வி அதுவே அல்ல என்றது. கீதத்தின் சொற்கள் மீதோ கருத்துகள் மீதோ குழந்தைகளுக்கு மறுப்பு இல்லை. எந்த நாட்டின் தேசிய கீதமானாலும் அதைப் பாடுவதைத் தங்கள் நம்பிக்கை அனுமதிப்பதில்லை என்பதுதான் அவர்களுடைய நிலை. மறுப்பு சொல்லின் மீது இல்லை, பாடும் செயலின் மீது.

ஆகவே எழுவினா இப்படி அமையும்: தேசிய கீதம் பாடப்படும்போது மரியாதையுடன் எழுந்து நின்று, மனமார்ந்த மத நம்பிக்கையின் காரணமாகப் பாடாமல் இருக்கும் மாணவரை, அந்த ஒரே காரணத்துக்காகப் பள்ளியிலிருந்து நீக்கலாமா?

இந்த வாக்கியத்தில் உள்ள ஒவ்வொரு அடையும் வேலை செய்கிறது. ‘மரியாதையுடன் எழுந்து நின்று’ என்பதை எடுத்துவிட்டால் வேறொரு வழக்கு. ‘மனமார்ந்த’ என்பதை எடுத்துவிட்டால் இன்னொரு வழக்கு. ‘நீக்கலாமா’ என்பதற்குப் பதிலாக ‘பாட வேண்டுமா’ என்று போட்டால், தீர்ப்பு பதில் சொல்லாத ஒரு கேள்விக்குப் பதிலைத் திணித்தவர்கள் ஆவோம். குறிப்பு எழுத ஒரு மணி நேரம் கிடைத்தால் அதில் கால் மணியை இந்த ஒரு வாக்கியத்துக்குக் கொடுக்கலாம்.

வாதங்களும் அவற்றுக்கான விடைகளும்

நான்காம் ஸ்லைடு எதிர்த்தரப்புக்கு வலுச்சேர்க்கும் வரி. அரசமைப்பின் 51ஏ பிரிவு தேசிய கீதத்தை மதிப்பதைக் குடிமக்களின் அடிப்படைக் கடமைகளுள் ஒன்றாக வைத்திருப்பது மறுக்க முடியாதது. அந்தக் கடமையிலிருந்து ‘பாடியே ஆக வேண்டும்’ என்ற முடிவுக்குப் போவதுதான் வாதம். சட்ட விதியும் அதிலிருந்து ஒருவர் இழுத்த முடிவும் ஒரே வரியில் கலந்து வரும்போது இரண்டையும் பிரித்து எழுத வேண்டும். கல்வித்துறை இத்துடன், கேரளப் பொதுக் கல்வி இயக்குநர் 1961 செப்டம்பரிலும் 1970 பிப்ரவரியிலும் வெளியிட்ட இரண்டு சுற்றறிக்கைகளையும் துணைக்கு வைத்தது. நம் ஏழு ஸ்லைடுகளில் சுற்றறிக்கை பற்றிய பேச்சே இல்லை என்பதைக் கவனியுங்கள். பள்ளியில் பணிபுரிவோருக்கு இந்த வழக்கில் மிக முக்கியமான இடம் அதுதான்.

குழந்தைகளின் தரப்பு ஆறாம் ஸ்லைடில் இருக்கிறது. கட்டாயப்படுத்திப் பாடச் செய்வது 19(1)(அ) பிரிவு தரும் பேச்சுரிமைக்கும், 25(1) பிரிவு தரும் மனச்சான்றுச் சுதந்திரத்துக்கும் மத உரிமைக்கும் எதிரானது என்று வாதிட்டனர். இதை உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. எனவே வாதத்திலும் வரும், முடிவிலும் வரும். இரு இடத்திலும் எழுதுவது வீண் என்று தோன்றினாலும், வாதத்தில் ‘வாதிட்டனர்’ என்றும் முடிவில் ‘ஏற்றது, காரணம் இது’ என்றும் எழுதினால் மீண்டும் கூறுவதாகாது.

வாதங்களை எழுதும்போது, ஒவ்வொன்றுக்கும் எதிரே நீதிமன்றத்தின் விடையை ஓரத்தில் பென்சிலால் குறித்துக்கொண்டே போவது நல்லது. ஒரு தாளை நடுவில் மடித்து இடப்பக்கம் வாதம், வலப்பக்கம் விடை என்று எழுதினாலும் சரி. வலப்பக்கம் வெறுமையாக இருந்தால், அந்த வாதத்துக்கு நீதிமன்றம் என்ன சொன்னது என்பது காட்சியில் விடுபட்டிருக்கிறது என்று பொருள். இந்த வழக்கில் தாள் இப்படி நிரம்பும். மதிப்பது கடமை என்ற வாதத்துக்கு, எழுந்து நிற்பதே உரிய மரியாதை, சேர்ந்து பாடாதது அவமதிப்பு ஆகாது என்பது விடை. 1971ஆம் ஆண்டின் தேசிய கௌரவ அவமதிப்புத் தடுப்புச் சட்டத்தைப் பொறுத்தவரை, பாடுவதை வேண்டுமென்றே தடுப்பதும் பாடும் கூட்டத்துக்கு இடையூறு செய்வதும்தான் அதன் 3ஆம் பிரிவில் குற்றம். அமைதியாக நிற்பவர் இரண்டையும் செய்யவில்லை. சுற்றறிக்கைகளுக்கு வரும்போது விடை இன்னும் கூர்மையானது. அவை சட்ட வலிமை இல்லாத துறை அறிவுறுத்தல்கள். பேச்சுரிமைக்கு வரம்பு விதிப்பதானால் 19(2) பிரிவின்படி ஒரு சட்டத்தால்தான் விதிக்க முடியும், துறை அறிவுறுத்தலால் முடியாது. மனமார்ந்த மறுப்பு இருந்தும் ஒவ்வொரு மாணவரும் பாடியே தீர வேண்டும் என்று அந்தச் சுற்றறிக்கைகளுக்குப் பொருள் கொண்டால், அவை இரு உரிமைகளையும் மீறுவதாகிவிடும் என்றும் நீதிமன்றம் கூறியது.

ஐந்தாம் ஸ்லைடு கொஞ்சம் வம்பானது. அமெரிக்கப் பள்ளிகளில் கொடி வணக்கத்தைக் கட்டாயமாக்கியதை எதிர்த்து அதே மதப் பிரிவினர் தொடுத்த வழக்குகளில், அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1940இல் பள்ளிக்குச் சாதகமாகவும், 1943இல் அதை மாற்றி மாணவருக்குச் சாதகமாகவும் தீர்ப்பளித்தது. நம் நீதிபதிகள் இவற்றைத் தீர்ப்பில் எடுத்துப் பேசுகிறார்கள். ஆனால் இவை நம் வழக்கில் நடந்தவையும் அல்ல, நம்மைக் கட்டுப்படுத்தும் தீர்ப்புகளும் அல்ல. குறிப்பில் ஒரு வாக்கியம் போதும், விட்டுவிட்டாலும் குற்றமில்லை. ஆண்டும் நாடும் இல்லாமல் ‘கொடி வணக்கம் கட்டாயமில்லை’ என்று மட்டும் எழுதிவிட்டால், கேரளக் குழந்தைகள் கொடி வணக்கத்தையும் மறுத்தார்கள் என்று படிப்பவர் நினைத்துக்கொள்வார்.

முடிவுக்குள் மூன்று அடுக்குகள்

ஏழாம் ஸ்லைடு, பெரும்பாலான காட்சிகளில் மிகப் பெரிய எழுத்தில் இருக்கும் ஸ்லைடு. சகிப்புத்தன்மை பற்றி நீதிபதிகள் தீர்ப்பின் இறுதியில் சொன்னது பலராலும் எடுத்தாளப்படுகிறது. கேட்க இனிமையானதுதான். ஆனால் குழந்தைகள் பள்ளிக்குத் திரும்பியது அந்த வரியால் அன்று. உத்தரவு வேறு, உத்தரவுக்கான காரணம் வேறு, தீர்ப்பில் கூடவே வரும் பொதுக் கருத்து வேறு.

உத்தரவு: உயர் நீதிமன்றத் தீர்ப்பு நீக்கப்படுகிறது, குழந்தைகளை மீண்டும் பள்ளியில் சேர்த்து, இடையூறின்றிப் படிக்க உரிய வசதிகளைச் செய்துதர வேண்டும். காரணம்: நீக்கியது 19(1)(அ), 25(1) பிரிவுகளை மீறியது. பொதுக் கருத்து: சகிப்புத்தன்மை. குறிப்பில் உத்தரவு முதலிலும் காரணம் அடுத்தும் வர வேண்டும். பொதுக் கருத்துக்கு இடமிருந்தால் ஒரு வரி. பயிற்சிக் காட்சி பொதுக் கருத்துக்கு அதிக இடம் கொடுப்பது இயல்பு, அரங்கில் கைத்தட்டல் அதற்குத்தான் கிடைக்கும். குறிப்பு எழுதுபவர் அந்த எழுத்தின் அளவைப் பார்த்து முக்கியத்துவத்தை எடைபோடக் கூடாது.

நான்காவதாக ஒன்றும் சேர்ந்துகொள்வதுண்டு. அது கருத்தாளரின் சொந்தக் கருத்து. ‘ஆகவே நாமும் மாணவர்களிடம் கனிவாக நடக்க வேண்டும்’ என்பது போன்ற வரி. நல்ல கருத்துதான், ஆனால் தீர்ப்பு அன்று. தேவை என்று தோன்றினால் குறிப்பின் அடியில் ‘பயிற்சியில் கருத்தாளர் கூறியது’ என்று தனியே எழுதலாம்.

எழுதி முடித்த குறிப்பு

மேலே பார்த்தவற்றைச் சேர்த்தால் குறிப்பு இவ்வாறு அமையும்.

*வழக்கு:* பிஜோ இம்மானுவேல் எதிர் கேரள மாநிலம். இந்திய உச்ச நீதிமன்றம், 11.08.1986. நீதிபதிகள் ஓ. சின்னப்ப ரெட்டி, எம்.எம். தத்.

*நடந்தவை:* யெகோவாவின் சாட்சிகள் பிரிவைச் சேர்ந்த மூன்று குழந்தைகள், கேரளப் பள்ளி ஒன்றின் காலைக் கூட்டத்தில் தேசிய கீதம் பாடப்படும்போது மரியாதையுடன் எழுந்து நின்றனர், பாடவில்லை. அவர்கள் அவமதிப்பாக நடந்தார்கள் என்று எவரும் கூறவில்லை. 1985 ஜூலையில் சட்டமன்றத்தில் கேள்வி எழுந்தது. ஓர் ஆணையம் விசாரித்தது. குழந்தைகள் அவமதிப்பு எதையும் காட்டவில்லை என்று அது அறிக்கை தந்ததாகத் தெரிவிக்கப்பட்டது. பள்ளித் துணை ஆய்வாளரின் அறிவுறுத்தலின்படி 26.07.1985 முதல் குழந்தைகள் நீக்கப்பட்டனர். உயர் நீதிமன்றம் அவர்கள் கோரிக்கையை இருமுறை மறுத்தது.

*எழுவினா:* மரியாதையுடன் எழுந்து நின்று, மனமார்ந்த மத நம்பிக்கையால் பாடாமல் இருந்த மாணவர்களை அந்தக் காரணத்துக்காக நீக்கலாமா?

*வாதங்கள்:* பாடக் கட்டாயப்படுத்துவது பேச்சுரிமைக்கும் மனச்சான்றுச் சுதந்திரத்துக்கும் எதிரானது என்று குழந்தைகள் தரப்பு வாதிட்டது. 1961, 1970 ஆண்டுகளின் துறைச் சுற்றறிக்கைகளைக் கல்வித்துறை ஆதாரமாகக் காட்டியது. தேசிய கீதத்தை மதிக்கும் அடிப்படைக் கடமையும் ஆராயப்பட்டது.

*முடிவு:* குழந்தைகளை மீண்டும் சேர்த்து, இடையூறின்றிப் படிக்க வசதி செய்துதர உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. காரணம்: தேசிய கீதத்தைப் பாடியே ஆக வேண்டும் என்று கூறும் சட்டம் எதுவும் இல்லை. எழுந்து நிற்பது உரிய மரியாதை, பாடாதது அவமதிப்பு ஆகாது. சுற்றறிக்கைகள் சட்ட வலிமை அற்றவை, அவற்றைக் கொண்டு அடிப்படை உரிமைக்கு வரம்பு விதிக்க முடியாது. ஒரு நம்பிக்கை நம் அறிவுக்கு ஏற்புடையதா என்பதைப் பார்க்க வேண்டியதில்லை, அது மனமார்ந்ததா என்பதைப் பார்த்தால் போதும்.

*இத்தீர்ப்பு கூறாதவை:* எழுந்து நிற்கத் தேவையில்லை என்று கூறவில்லை. மத நம்பிக்கை சாராத காரணங்களுக்காகப் பாடாதவர்களைப் பற்றி முடிவு செய்யவில்லை. பள்ளிகள் தேசிய கீதம் பாடுவதை நிறுத்தலாம் என்றும் கூறவில்லை.

கடைசிப் பகுதி வழக்கமான மூன்று தலைப்புகளுக்கு வெளியே இருக்கிறது. பள்ளிகளுக்குச் செல்லும் குறிப்பில் இதைச் சேர்ப்பது கட்டாயம் என்பது என் கருத்து. தீர்ப்பின் பெயரால் பள்ளியில் எழும் சண்டைகள் பெரும்பாலும், தீர்ப்பு சொல்லாததைச் சொன்னதாக நினைப்பதால் வருபவை.

சரிபார்ப்பதற்கு ஒரு வழி

பயிற்சிக்கு வராத ஆசிரியர் ஒருவரிடம் குறிப்பைக் கொடுத்து, ‘நடந்தவை’ பகுதியை மட்டும் படிக்கச் சொல்லுங்கள். யார் வென்றிருப்பார்கள் என்று அவரால் உறுதியாகச் சொல்ல முடிந்தால், அந்தப் பகுதியில் வாதம் எங்கோ கலந்திருக்கிறது. ‘பிடிவாதமாக மறுத்தனர்’, ‘கொடுமையாக வெளியேற்றப்பட்டனர்’ போன்ற அடைமொழிகளில் அது ஒளிந்திருக்கும். இரு தரப்பு வழக்கறிஞர்களும் மறுக்காமல் கையெழுத்திடக்கூடிய வாக்கியங்களே அந்தப் பகுதியில் இருக்க வேண்டும்.

இதே வேலையை வகுப்பறையிலும் செய்யலாம். ஒன்பது, பத்தாம் வகுப்பு சமூக அறிவியலில் அடிப்படை உரிமைகளும் கடமைகளும் வரும்போது, மேலே உள்ள ஏழு ஸ்லைடு வரிகளைத் துண்டுத் தாள்களில் எழுதிக் குழுக்களிடம் கொடுத்து, எழுவாயும் வினைமுற்றும் சேர்த்து எழுதச் சொல்லலாம். மூன்றாம் வரிக்கு எந்தக் குழு ‘உயர் நீதிமன்றம்’ என்று எழுவாய் போடுகிறது, எது ‘உச்ச நீதிமன்றம்’ என்று போடுகிறது என்று பார்த்தாலே ஒரு பாடவேளை போய்விடும். தொடக்க வகுப்புகளுக்கு வழக்கு தேவையில்லை. இடைவேளையில் பென்சில் பெட்டிக்காக நடந்த சண்டை ஒன்று போதும். ‘பெட்டி கீழே கிடந்தது’, ‘அவன்தான் தள்ளினான்னு இவள் சொல்றா’, ‘டீச்சர் பெட்டியை அவளிடம் கொடுத்தாங்க’ என்று மூன்றாம் வகுப்புக் குழந்தையால் மூன்றாகப் பிரிக்க முடியும்.

குறிப்பின் அடியில், எந்தப் பயிற்சியின் காட்சியிலிருந்து எடுக்கப்பட்டது, எந்தத் தேதியில் எழுதப்பட்டது, தீர்ப்பின் மூலத்தோடு ஒப்பிடப்பட்டதா இல்லையா என்ற மூன்றையும் எழுதி வையுங்கள். 1986க்குப் பிறகும் தேசிய கீதம் குறித்த வழக்குகள் நீதிமன்றங்களுக்கு வந்துள்ளன. உண்மையாகவே இப்படியொரு சிக்கல் ஒரு பள்ளியில் எழுந்தால், குறிப்பை மட்டும் வைத்துக்கொண்டு முடிவெடுக்காமல், தலைமையாசிரியர் எழுத்து வழியாக மாவட்டக் கல்வி அலுவலரிடம் வழிகாட்டுதல் கேட்க வேண்டும். கேட்கும் கடிதத்துடன் குறிப்பையும் தீர்ப்பின் நகலையும் இணைக்கலாம். வாய்மொழி அறிவுறுத்தல் ஒன்றை நம்பி ஒரு மாணவரைப் பள்ளியிலிருந்து நிறுத்திவைக்கக் கூடாது.